ஆய்வகத்தில் கண்ட சாட்சியும் தெருவில் நின்ற சாட்சியும்: சூழல்சார் ஏற்புடைமையை எடைபோடும் முறை

உளவியல் பயிலும் மாணவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையை விமர்சிக்கும்போது, “இது ஆய்வகத்தில் நடந்தது, ஆகவே இதற்குச் சூழல்சார் ஏற்புடைமை குறைவு” என்று ஒரே வரியில் முடித்துவிடுவதைத் தேர்வுத்தாள்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த வரி பல சமயங்களில் தவறாகவும், சரியாக இருக்கும்போதுகூட அரைகுறையாகவும் இருக்கிறது. ஆய்வகம் எதை இழந்தது, அந்த இழப்பு முடிவை எந்தப் பக்கம் சாய்த்திருக்கும், களத்துக்குப் போனவர் அதற்கு ஈடாக எதைக் கைவிட்டார் என்ற கேள்விகளுக்கு விடை சொன்ன பிறகுதான் அது விமர்சனம் ஆகும். இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்விகளை ஒரே துறையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கிறோம். அத்துறை நேரில் கண்ட சாட்சிகளின் நினைவாற்றல். ஆய்வகமும் களமும் நேருக்கு நேர் மோதிய துறை என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். சூழல்சார் ஏற்புடைமை என்ற கருத்தை 1940களில் முன்வைத்த எகோன் பிரன்ஸ்விக் அதை வேறு பொருளில் பயன்படுத்தினார். நம் புலனுக்கு எட்டும் ஒரு குறிப்பு, உண்மையில் உலகில் உள்ள பண்பை எவ்வளவு நம்பகமாகக் காட்டுகிறது என்பதையே அவர் அச்சொல்லால் குறித்தார். ஆய்வின் நிலைமைகள் அன்றாட வாழ்வின் நிலைமைகளைப் பிரதிபலிக்க வேண்டும் என்ற கருத்துக்கு அவர் வைத்த பெயர் வேறு. ஆனால் இன்று பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் வழங்கும் பொருள், ஆய்வில் கண்ட நடத்தை அன்றாடச் சூழலில் நிகழும் நடத்தைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே. நானும் அந்தப் பொருளிலேயே எழுதுகிறேன்.

படி 1: கேள்வியை யாருக்காக, எந்த முடிவுக்காகக் கேட்கிறோம் என்று எழுதுங்கள்

“சாட்சியின் நினைவை நம்பலாமா?” என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. அதற்குள் குறைந்தது இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. கேள்வி கேட்கும் விதம் நினைவை மாற்ற முடியுமா என்பது ஒன்று. ஒரு கொடூரமான சம்பவத்தை நேரில் கண்ட மனிதர், சில மாதங்கள் கழித்து அதை எவ்வளவு சரியாகச் சொல்வார் என்பது மற்றொன்று. முதலாவது “முடியுமா” என்ற கேள்வி. அதற்கு ஒரு சூழலில் முடிந்தது என்று காட்டினாலே போதும், அந்தச் சூழல் செயற்கையாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது “எவ்வளவு” என்ற கேள்வி. அதற்கு யார் பார்த்தார்கள், எந்த நிலையில் பார்த்தார்கள் என்பதெல்லாம் விடையின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன. சூழல்சார் ஏற்புடைமை குறைவு என்ற குற்றச்சாட்டு இரண்டாவது கேள்வியைத்தான் கடுமையாகத் தாக்கும். முதல் கேள்விக்கு எழுதப்பட்ட கட்டுரையை இரண்டாவது கேள்விக்கான அளவுகோலால் அடிப்பதுதான் மாணவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை.

படி 2: ஆய்வகம் எதை வைத்துக்கொண்டது, எதை நீக்கியது என்று பாருங்கள்

எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்வோம். 45 மாணவர்கள் கார் விபத்து பற்றிய 7 குறும்படங்களைப் பார்த்தார்கள். பிறகு கார்கள் எவ்வளவு வேகத்தில் போயின என்று கேட்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான், ஒரு வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. “மோதி நொறுங்கின” என்ற பொருளுள்ள சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். “தொட்டுக்கொண்டன” என்ற பொருளுள்ள சொல்லைக் கேட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். இரண்டாவது சோதனையில் 150 மாணவர்கள் ஒரு குறும்படம் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. “நொறுங்கின” என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். மென்மையான சொல்லைக் கேட்ட 50 பேரில் 7 பேரும், வேகம் பற்றிய கேள்வியே கேட்கப்படாத 50 பேரில் 6 பேரும் அப்படிச் சொன்னார்கள்.

இங்கே ஆய்வகம் வைத்துக்கொண்டவை மூன்று. எல்லோரும் ஒரே காட்சியை, ஒரே அளவு நேரம் பார்த்தார்கள். எந்தச் சொல் யாருக்கு என்பதை ஆய்வாளரே பிரித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணாடி இல்லை என்பது நமக்கு உறுதியாகத் தெரியும். இந்த மூன்றாவதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். கட்டுப்பாடு என்றால் சத்தத்தையும் வெளிச்சத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது என்று மட்டும் நினைக்கிறோம். நினைவு ஆய்வில் கட்டுப்பாடு தரும் பெரும் பேறு, உண்மையில் நடந்தது என்ன என்பது ஆய்வாளருக்குத் தெரிந்திருப்பதுதான்.

நீக்கப்பட்டவற்றை எழுதும்போது “யதார்த்தம் இல்லை” என்று பொதுவாக எழுதாமல், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது முடிவை எந்தத் திசையில் தள்ளியிருக்கும் என்றும் எழுதுங்கள். படம் பார்த்தவர்களுக்கு அச்சமோ உடல் படபடப்போ இல்லை. அச்சம் கவனத்தைக் கூர்மையாக்கும் என்று கருதினால், தெருவில் விளைவு சிறிதாக இருக்கும். அச்சம் கவனத்தைச் சிதறடிக்கும் என்று கருதினால், தெருவில் விளைவு இன்னும் பெரிதாகும். தவறாகச் சொன்னால் ஒருவர் சிறைக்குப் போவார் என்ற பொறுப்புணர்வும் அவர்களுக்கு இல்லை, ஆகவே தெரியாததையும் துணிந்து ஊகித்திருப்பார்கள். பங்கேற்றவர்கள் மாணவர்கள், அவர்களில் பலருக்குக் கார் ஓட்டும் அனுபவம் குறைவாகவே இருந்திருக்கும், ஆகவே வேகத்தைக் கணிக்கக் கேள்வியில் உள்ள சொல்லையே பிடிமானமாகக் கொண்டிருக்கலாம். திசை எழுத முடியாத குறைபாட்டைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அது விமர்சனமாக நிற்காது.

படி 3: கள ஆய்வுக்கும் அதே கண்டிப்பைக் காட்டுங்கள்

ஜான் யூயிலும் ஜூடித் கட்ஷாலும் 1986இல் வெளியிட்ட ஆய்வு, ஆய்வகத்துக்கு எதிரான சான்றாக எல்லாப் பாடநூலிலும் வருகிறது. கனடாவின் வன்கூவர் பகுதியில் ஒரு துப்பாக்கிக் கடையில் கொள்ளை நடந்தது. கட்டிப்போடப்பட்டிருந்த கடைக்காரர் கட்டை அவிழ்த்துக்கொண்டு, கொள்ளையனின் கார் எண்ணைக் குறிக்க வெளியே வந்தார். கொள்ளையன் அவரைச் சுட்டான். அவர் திருப்பிச் சுட்டதில் கொள்ளையன் இறந்தான். இதைத் தெருவில் கண்டவர்களில் 13 பேர், நான்கைந்து மாதங்களுக்குப் பிறகு ஆய்வாளர்களிடம் பேச ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் சொன்னவற்றில் ஐந்தில் நான்கு பங்கு சரியாக இருந்தது. ஆய்வாளர்கள் திசைதிருப்பும் கேள்விகளையும் இடையில் வைத்தார்கள். காரில் இல்லாத உடைந்த முகப்பு விளக்கைப் பற்றியும், வேறு நிறத்தில் இருந்த ஒரு பாகத்தை மஞ்சள் என்றும் கேட்டார்கள். 10 பேர் அதில் சிக்கவில்லை.

இதைப் படித்தவுடன் “களத்தில் லாஃப்டஸின் முடிவு பொய்த்தது” என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுத்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆய்வகத்தில், மிக வலுவான சொல்லைக் கேட்ட குழுவிலும் 50 பேரில் 34 பேர் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்றே சொன்னார்கள். அதாவது பெரும்பாலோர் ஆய்வகத்திலும் ஏமாறவில்லை. வன்கூவரின் 13 பேரும் அதே விகிதத்தில் ஏமாந்திருந்தால், நாம் எதிர்பார்க்க வேண்டியது சுமார் 4 பேர். கிடைத்தது 3 பேர். இந்த இடைவெளியை வைத்து எந்தத் தரப்பும் வெற்றி கொண்டாட முடியாது. இரண்டு ஆய்விலும் கேள்வியும் காட்சியும் வேறு என்பதால் இது துல்லியமான ஒப்பீடு அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் “முரண்பாடு” என்று சொல்லப்படுவது எவ்வளவு மெல்லியது என்பதை இந்த ஒரு வரிக் கணக்கு காட்டிவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வன்கூவரில் திசைதிருப்பலே ஆங்கிலத்தின் இரண்டு சிறு சுட்டிடைச் சொற்களில்தான் இருந்தது. பாதிப் பேரிடம் “அந்த உடைந்த விளக்கைப் பார்த்தீர்களா” என்ற தொனியிலும், மீதிப் பேரிடம் “உடைந்த விளக்கு ஏதாவது பார்த்தீர்களா” என்ற தொனியிலும் கேட்டார்கள். ஆக ஒவ்வொரு பக்கமும் ஆறேழு பேர். ஆய்வகத்தில் கண்ட 16க்கும் 7க்கும் இடையிலான வேறுபாடே, 50 பேர் கொண்ட குழுக்களில்தான் புலப்பட்டது. ஆறேழு பேரில் அது இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. விளைவு இல்லை என்பதும் விளைவைக் காண வசதி இல்லை என்பதும் வேறு வேறு. கள ஆய்வுகளில் இந்த இரண்டும் ஓயாமல் குழப்பப்படுகின்றன.

அடுத்து, யார் ஆய்வுக்குள் வரவில்லை என்று பாருங்கள். சுடப்பட்ட கடைக்காரர் அந்த அனுபவத்தை மீண்டும் வாழ விரும்பாமல் ஒதுங்கிவிட்டார். சம்பவத்தின் நடுவிலேயே நின்றவரின் நினைவைப் பற்றி ஆய்வு எதுவும் சொல்ல முடியாமல் போனது. வந்தவர்களும் சம்பவத்துக்குப் பிறகு விரைவிலேயே காவல்துறையிடம் விவரமாக வாக்குமூலம் கொடுத்தவர்கள், அப்படி ஒருமுறை முழுதாகச் சொன்னதே நினைவைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பாடமாக அமைந்த இடம் மன உளைச்சல் பற்றிய முடிவு. மிகுந்த உளைச்சல் அடைந்ததாகச் சொன்னவர்கள்தான் மற்றவர்களைவிடச் சரியாக நினைவுகூர்ந்தார்கள். ஆகவே அச்சம் நினைவைக் கூர்மையாக்குகிறது என்று முடிவு கட்டலாமா? உளைச்சல் அடைந்தவர்கள் யார் என்று கேளுங்கள். சம்பவத்துக்கு மிக அருகில் இருந்தவர்கள் அவர்கள்தான். அருகில் இருந்தவருக்கு அச்சமும் அதிகம், பார்வையும் தெளிவு. நினைவைச் சரியாக்கியது அச்சமா, தூரமா என்பதை இந்தத் தரவிலிருந்து பிரிக்கவே முடியாது. ஆய்வகம் அச்சத்தை நீக்கியதற்காக அதைக் குறை சொன்னோம். களம் அச்சத்தைக் கொண்டுவந்தது, ஆனால் தூரத்தோடு பின்னிக் கொண்டுவந்தது.

படி 4: நடுவழி ஆய்வு இருக்கிறதா என்று தேடுங்கள்

ஆய்வகம், களம் என்று இரண்டே பெட்டிகள் இருப்பதாக எண்ண வேண்டாம். அச்சத்தைப் பற்றிய கேள்விக்கே இரண்டு நல்ல நடுவழிகள் உள்ளன.

டிம் வாலண்டைனும் ஜான் மெசூட்டும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், லண்டனில் பயமுறுத்துவதையே வேடிக்கையாக வைத்திருக்கும் ஒரு கண்காட்சிக்கு வந்த 56 பேர் பங்கேற்றார்கள். இருட்டுப் பாதையில் வேடமிட்ட ஒருவர் திடீரென்று வழிமறிப்பார். சுற்றி முடித்து வெளியே வந்த பிறகு அவரை 9 படங்கள் கொண்ட வரிசையில் அடையாளம் காட்டச் சொன்னார்கள். உள்ளே இருந்தபோது பதற்றம் அதிகமாக இருந்தவர்களில் 17 விழுக்காட்டினரும், பதற்றம் குறைவாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினரும் சரியாகக் காட்டினார்கள். இங்கே தூரம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்று, வழிமறித்தவர் யார் என்பதும் ஆய்வாளருக்குத் தெரியும். வன்கூவரில் பிரிக்க முடியாமல் இருந்த முடிச்சு இங்கே பெருமளவு அவிழ்கிறது. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் பதற வேண்டும் என்பதை ஆய்வாளர் ஒதுக்கவில்லை, அவரவர் இயல்பு ஒதுக்கியது. எளிதில் பதறுகிறவர்கள் முகங்களை நினைவுகொள்வதிலேயே பலவீனமானவர்களாக இருந்தால், இதே முடிவு வந்திருக்கும்.

அந்த ஐயத்தை 2004இல் சார்லஸ் மோர்கனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு அடைக்கிறது. எதிரியிடம் பிடிபட்டால் தாங்குவது எப்படி என்ற பயிற்சியில் அமெரிக்கப் படைவீரர்கள் உண்மையிலேயே கடுமையாக விசாரிக்கப்படுகிறார்கள். அந்தப் பயிற்சி எப்படியும் நடக்கிறது, ஆய்வாளர் புதிதாக யாரையும் துன்புறுத்தவில்லை. ஒவ்வொரு வீரரும் உடலைப் பிடித்துத் தள்ளும் மிரட்டல் விசாரணை ஒன்றையும், அது இல்லாத விசாரணை ஒன்றையும் எதிர்கொண்டார்கள். நேரில் நிறுத்திய அடையாள அணிவகுப்பில், மிரட்டியவரைச் சரியாகக் காட்டியவர்கள் சுமார் 30 விழுக்காடு, மற்றவரைக் காட்டியவர்கள் சுமார் 62 விழுக்காடு. அதே மனிதர் இரு நிலையிலும் இருந்ததால், நினைவாற்றலில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு இங்கே காரணமாக முடியாது. எதை விலையாகக் கொடுத்தார்கள் என்றால், பங்கேற்றவர்கள் பயிற்சி பெற்ற, உடல் திடமான இளம் வீரர்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்ற முதியவருக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது.

படி 5: களத்தில் உண்மை தெரியாதபோது என்ன அளக்க முடியும் என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் கட்டுப்பாட்டின் மதிப்பு முழுதாகப் புரியும். அமெரிக்கக் காவல்துறையினர் சாட்சியிடம் சந்தேக நபரின் படத்தோடு, வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத சிலரின் படங்களையும் சேர்த்துக் காட்டுவார்கள். எல்லாப் படங்களையும் ஒரே நேரத்தில் காட்டுவது நல்லதா, ஒவ்வொன்றாகக் காட்டுவது நல்லதா என்பது கேள்வி. ஆய்வகத்தில் குற்றவாளியின் படம் இல்லாத வரிசையையும் தயாரிக்கலாம், ஆகவே நிரபராதியைச் சுட்டிக்காட்டும் தவறை நேரடியாக எண்ணலாம். உண்மையான வழக்கில் சந்தேக நபர்தான் குற்றவாளியா என்பது யாருக்கும் தெரியாது. அங்கே உறுதியாகத் தெரிந்த தவறு ஒன்றே ஒன்றுதான், சம்பந்தமில்லாத ஒருவரின் படத்தைச் சாட்சி தேர்ந்தெடுப்பது.

இல்லினாய் மாநிலத்தில் நடத்தி 2006இல் அறிக்கை வெளியான கள ஆய்வில், ஒவ்வொன்றாகக் காட்டும் முறையில்தான் இந்தத் தவறு அதிகம் என்று முடிவு வந்தது. ஆய்வகங்கள் சொன்னதற்கு நேர் எதிர். ஆனால் ஒவ்வொன்றாகக் காட்டியவர்கள், சந்தேக நபர் யார் என்று தெரியாத அதிகாரிகள். ஒரே நேரத்தில் காட்டியவர்கள், யார் என்று தெரிந்த அதிகாரிகள். தெரிந்த அதிகாரி அறியாமலே குறிப்புக் காட்டலாம். சாட்சி தயக்கத்தோடு தவறான படத்தைத் தொட்டால் அதைத் “தேர்வு” என்று பதிவுசெய்யாமலும் விட்டுவிடலாம். இரண்டு மாறிகளை ஒருசேர மாற்றிவிட்டு, ஒன்றின் பெயரில் முடிவு எழுதியதுதான் நடந்தது. களம் என்பதற்காக இந்தப் பிழையை மன்னிக்க முடியாது.

கேரி வெல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சரிசெய்தது. நான்கு நகரங்களின் உண்மையான வழக்குகளில், எந்தச் சாட்சிக்கு எந்த முறை என்பதை மடிக்கணினி தற்செயல் முறையில் ஒதுக்கியது. இரண்டு முறையிலும் படம் காட்டியவருக்குச் சந்தேக நபர் யார் என்று தெரியாது. சம்பந்தமில்லாதவரைத் தேர்ந்தெடுக்கும் தவறு, ஒரே நேரத்தில் காட்டியபோது சுமார் 18 விழுக்காடாகவும், ஒவ்வொன்றாகக் காட்டியபோது சுமார் 12 விழுக்காடாகவும் இருந்தது. தற்செயல் ஒதுக்கீடு ஆய்வகத்தின் சொத்து என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஆய்வைத்தான் காட்டுவேன். ஆனாலும் சந்தேக நபரைச் சுட்டிய சாட்சிகளில் எத்தனை பேர் சரி என்பது இங்கேயும் தெரியாது. அந்தக் கேள்விக்கு மீண்டும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

படி 6: உங்கள் சொந்த ஆய்வில் சூழலையே ஒரு மாறியாக வையுங்கள்

முதுகலைத் திட்டக்கட்டுரைக்குச் செய்யக்கூடிய அளவில் ஒரு வடிவமைப்பைச் சொல்கிறேன். கல்லூரி நூலகத்தின் வாசிப்பறைக்கு வெளியாள் ஒருவர் வருகிறார். மேசைக்கு மேசை போய்க் கைப்பேசி சார்ஜர் கேட்கிறார், கிடைக்காமல் முணுமுணுத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் வெளியேறுகிறார். அவரிடம் பை எதுவும் இல்லை. இதே காட்சியை, அதே ஆள், அதே உடையில், ஒரு வாசகரின் இருக்கை உயரத்திலிருந்து படம்பிடித்தும் வைத்துக்கொள்கிறீர்கள். ஒரு பாதிப் பேர் காட்சியை நேரில் பார்க்கிறார்கள், மறு பாதி வகுப்பறையில் திரையில் பார்க்கிறார்கள். ஒரு வாரம் கழித்து இரு பாதியிலும் சரிபாதிப் பேரிடம் “அவருடைய நீலப் பை எந்தத் தோளில் இருந்தது” என்றும், மீதிப் பேரிடம் “அவர் கையில் என்ன இருந்தது” என்றும் கேட்கிறீர்கள். பிறகு எல்லோரிடமும் பை இருந்ததா என்று கேட்கிறீர்கள். ஆக மொத்தம் நான்கு குழுக்கள்.

பகுப்பாய்வில் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நேரில் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஏமாந்தார்கள், திரையில் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்று நேரடியாக ஒப்பிடக் கூடாது. நேரில் இருந்தவர்களில் பலர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கியே பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு சூழலிலும் திசைதிருப்பும் கேள்விக்கும் சாதாரணக் கேள்விக்கும் இடையிலான வேறுபாட்டை முதலில் கணக்கிட்டு, அந்த இரண்டு வேறுபாடுகளையே ஒப்பிட வேண்டும். உதாரணத்துக்கு, திரையில் 20க்கு 8 பேரும் 20க்கு 3 பேரும், நேரில் 20க்கு 10 பேரும் 20க்கு 5 பேரும் பை இருந்ததாகச் சொன்னால், இரண்டிலும் வேறுபாடு 5 பேர்தான். நேரில் பார்த்தவர்கள் பொதுவாகவே குறைவாகக் கவனித்தார்கள், ஆனால் கேள்வியின் விளைவு சூழலால் மாறியதாக இந்த எண்களில் தெரியவில்லை என்றே அதைப் படிக்க வேண்டும். ஆனால் குழுவுக்கு 20 பேர் வைத்து, இரண்டு வேறுபாடுகளுக்கு இடையே நடுத்தர அளவுள்ள மாற்றம் இருந்தாலும் அதைக் காண முடியாது, அதற்குக் குழுவுக்குப் பல மடங்கு ஆட்கள் வேண்டும். அவ்வளவு பேர் கிடைக்காவிட்டால், சூழல் விளைவை மாற்றவில்லை என்று எழுதாமல், கண்டறிய முடியவில்லை என்று எழுதுங்கள்.

செய்முறையில் தவறக்கூடிய இரண்டு இடங்கள். நேரில் பார்த்தவர்கள் அந்த வாரத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், திரையில் பார்த்தவர்களுக்கு அதற்குக் காரணமே இருக்காது. யாருடனாவது இதைப் பற்றிப் பேசினீர்களா என்று இறுதியில் எல்லோரிடமும் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். அடுத்து, இது ஆய்வு என்று முன்பே சந்தேகப்பட்டீர்களா என்று கேளுங்கள். நேரில் பார்த்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆம் என்றால், உங்கள் களம் வேடமிட்ட ஆய்வகமாகிவிட்டது, அதை முடிவுகளுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திருட்டு, சண்டை, மயக்கம் போன்ற காட்சிகளை அரங்கேற்ற வேண்டாம். சார்ஜர் கேட்கும் காட்சிக்கும் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியும், நூலகரின் சம்மதமும், முடிந்தபின் பங்கேற்றவர்களுக்கு முழு விளக்கமும், தரவை விலக்கிக்கொள்ளும் உரிமையும் வேண்டும்.

படி 7: முடிவை எந்த எல்லை வரை எழுதலாம்

1978இல் உல்ரிக் நைசர், உளவியலாளர்கள் அன்றாட நினைவின் முக்கியமான கேள்விகளைத் தொடவே இல்லை என்று கடுமையாகச் சாடினார். 1989இல் மஹ்சரின் பனாஜியும் ராபர்ட் கிரௌடரும் அதற்கு நேர் எதிராக, நிகழ்வு எவ்வளவு சிக்கலானதோ அவ்வளவு கட்டுப்பாடு தேவை என்றும், முறை யதார்த்தமாகத் தோன்றுவதைவிட முடிவு பொதுமைப்படுவதே முக்கியம் என்றும் வாதிட்டார்கள். வன்கூவரின் அச்சமும் தூரமும் பின்னிய முடிச்சைப் பார்த்தவன் என்ற முறையில் நான் பின்னவர்கள் பக்கமே அதிகம் சாய்கிறேன். ஆனால் அந்த முடிச்சை அவிழ்க்கும் எண்ணத்தையே கொடுத்தது களம்தான் என்பதையும் மறக்கவில்லை.

கட்டுரையின் விவாதப் பகுதியில் “இந்த ஆய்வுக்குச் சூழல்சார் ஏற்புடைமை உண்டு” என்றோ “இல்லை” என்றோ எழுத வேண்டாம். நூலக ஆய்வை முடித்தவர் எழுத வேண்டிய வாக்கியம் இப்படி இருக்கலாம்: “அச்சமோ பொறுப்போ இல்லாத ஒரு சாதாரணக் காட்சியை நேரில் கண்ட கல்லூரி மாணவர்களிடம், ஒரு வாரத்துக்குப் பிறகு திசைதிருப்பும் கேள்வியின் விளைவு, அதே காட்சியைத் திரையில் கண்டவர்களிடம் இருந்ததிலிருந்து வேறுபட்டதாகக் கண்டறியப்படவில்லை, காவல் விசாரணையை எதிர்கொள்ளும் சாட்சிகளுக்கு இது பொருந்துமா என்பதை இத்தரவு சோதிக்கவில்லை.”